வரன் முடிந்தபின் திருமண மையப் பதிவு: நிறுத்தி வைப்பதா, நீக்குவதா, பணத்தைத் திருப்பிக் கேட்பதா?

வரன் முடிவானதும் வீட்டில் மண்டபம், ஜவுளி, பத்திரிகை என்று வேலை வரிசை கட்டி நிற்கும். ஐந்தாறு மாதம் முன்னால் திருமண தகவல் மையத்தில் பணம் கட்டிப் போட்ட பதிவு யாருக்கும் நினைவில் இருக்காது. நிச்சயம் முடிந்த பிறகு ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். "உங்க பொண்ணு ஜாதகம் பார்த்தோம், நட்சத்திரம் பொருந்துது, எப்ப வந்து பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் சம்பந்தி வீட்டார் எதிரில் உட்கார்ந்திருந்தால் பெண்ணைப் பெற்றவருக்கு எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டில் "இன்னும் வரன் தேடிக்கிட்டுதான் இருக்காங்களோ" என்ற பேச்சு கிளம்ப இந்த ஒரு போன் போதும்.

இந்தப் பதிவை என்ன செய்யலாம் என்று கேட்டால் நாலைந்து வழி இருக்கிறது. காலம் முடியட்டும் என்று விட்டுவிடலாம். கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாம். விவரங்களை முழுதாக நீக்கச் சொல்லலாம். மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டில் அடுத்து ஒருவர் இருந்தால் மீதிக் காலத்தை அவர் பெயருக்கு மாற்றச் சொல்லலாம். இவற்றில் எது யாருக்குச் சரி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவரங்களை நீக்கச் சொல்வது வேறு, பணத்தைத் திருப்பிக் கேட்பது வேறு. முதலாவது உங்கள் உரிமை. இரண்டாவது பெரும்பாலும் பேசி வாங்க வேண்டியது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டால் பணத்தகராறு தீரும்வரை பெண்ணின் போட்டோ அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வரன் யார் மூலமாக வந்தது?

எந்த வழியில் போவது என்று யோசிக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். மையம் கொடுத்த விலாசத்திலிருந்தே வரன் அமைந்தது என்றால் பணம் திருப்பிக் கேட்பதற்கு இடமே இல்லை. அவர்கள் வாங்கிய காசுக்கு வேலையைச் செய்துவிட்டார்கள். அதோடு, பல மையங்கள் பதிவுக் கட்டணம் தனி, வரன் முடிந்தால் தரும் தொகை தனி என்று வைத்திருக்கும். பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த இரண்டாவது தொகையை நீங்கள்தான் தர வேண்டியிருக்கும். அதைக் கொடுத்து முடித்து, விவரங்களை நீக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்வதுதான் முறை.

சொந்தக்காரர் மூலமாகவோ வேறு தரகர் மூலமாகவோ வரன் அமைந்திருந்தால் நிலைமை வேறு. ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அத்தை சொன்ன இடம்தான் முடிந்தது என்று நீங்கள் உறுதியாக நம்பியிருப்பீர்கள். மையத்துக்குப் போய் பணம் கேட்டால் அவர்கள் ரிஜிஸ்டரைப் புரட்டி, "இந்த விலாசத்தை நாங்க மாசியிலேயே உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கோமே" என்பார்கள். ஒரே ஊர், ஒரே சமூகம் என்றால் அந்த மாப்பிள்ளை வீட்டாரும் அதே மையத்தில் பதிவு செய்திருப்பது சாதாரணம். மையம் அனுப்பிய பட்டியலில் அந்தப் பெயர் பதினான்காவதாக இருந்திருக்கும், ஜாதகம் பொருந்தவில்லை என்று யாரோ ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதனால் வாய் திறக்கும் முன் மையம் அனுப்பிய எல்லா விலாசங்களையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். படிவத்தில் "நாங்கள் கொடுத்த வரன் இத்தனை மாதத்துக்குள் முடிந்தால் தொகை தர வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்பதையும் படியுங்கள். பெயர் பட்டியலில் இருந்தால் பணம் திருப்பிக் கேட்கும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. கேட்கப் போனால் அவர்கள் திருப்பி உங்களிடம் தொகை கேட்பார்கள்.

சும்மா விட்டுவிடுவது

ஓராண்டுப் பதிவில் ஒரு மாதம்தான் பாக்கி, பணமும் ஆயிரம் இரண்டாயிரம்தான் என்றால் பலர் விட்டுவிடுகிறார்கள். பணத்தைப் பொறுத்தவரை அது சரியான முடிவாக இருக்கலாம். விவரங்களைப் பொறுத்தவரை சரியில்லை. காலம் முடிந்தால் உங்களுக்கு விலாசம் அனுப்புவதைத்தான் மையம் நிறுத்தும். உங்கள் விவரத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லாதவரை அது கோப்பிலேயே இருக்கும். மையத்துக்குக் கையில் நிறைய வரன் இருப்பதாகக் காட்டினால்தான் புதிதாக வருபவர்கள் பணம் கட்டுவார்கள். பழைய விவரங்களைத் தானாகவே முன்வந்து எடுத்துப்போட அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

இணையதளப் பதிவு என்றால் இன்னொரு தொல்லை உண்டு. யுபிஐ ஆட்டோபேயோ கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடோ செய்திருந்தால் காலம் முடிந்ததும் மறுபடியும் கட்டணம் போகும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஒரு தகவல் வரும். கல்யாண வேலையில் அதை யார் பார்ப்பார்கள்? யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை இப்போதே ரத்து செய்துவிடுங்கள். இதற்கு மையத்தின் சம்மதம் தேவையில்லை.

நிறுத்தி வைப்பது

பூ வைத்தாயிற்று, நிச்சயதார்த்தம் இன்னும் இரண்டு மாதம் தள்ளி இருக்கிறது, இடையில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பெற்றவர்களுக்கு இருக்கும். அது நியாயமான பயம். முடிவான வரன் நின்றுபோவது நடக்காத விஷயம் இல்லை. இந்தக் கட்டத்தில் பதிவை அடியோடு நீக்காமல் "தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், மீதி மாதங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது புத்திசாலித்தனம். இணையதளங்களில் விவரத்தை மறைத்து வைக்கும் வசதி பொதுவாக இருக்கும். உள்ளூர் மையத்தில் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினோம், எத்தனை மாதம் பாக்கி என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி அனுப்பி, அவர்கள் "சரி" என்று பதில் போட வைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு கவனம் தேவை. இணையதளத்தில் மறைத்து வைத்தால் உங்கள் கால அளவு நின்றுபோகாது, ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது பல திட்டங்களில் நிபந்தனை. பிறகு பணம் கேட்கும் எண்ணம் இருந்தால் மறைத்து வைத்த நாட்கள் உங்கள் கணக்கில்தான் கழியும். என் பார்வையில், நிறுத்தி வைப்பது நிச்சயதார்த்தம்வரை மட்டும்தான். தட்டு மாற்றிய பிறகும் பதிவைப் பாதுகாப்புக்கு வைத்திருப்பது எதிர் வீட்டாருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அப்படி ஒருவேளை கல்யாணம் நின்றாலும் மறுபதிவு செய்வது பெரிய விஷயம் இல்லை.

முழுதாக நீக்கச் சொல்வது

நீக்குவது என்றால் என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மையத்துக்குப் போன் செய்து சொன்னால், "சரிங்க, எடுத்துட்டோம்" என்று ஒரே நிமிடத்தில் பதில் வரும். அவர்கள் எடுத்தது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து மட்டும். உங்கள் விவரம் எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேஜை மேல் இருக்கும் தடித்த கோப்பில் ஜாதகத்தின் ஜெராக்ஸும் போட்டோ ஒட்டிய பயோடேட்டாவும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும் பெற்றோர்கள் அந்தக் கோப்பைத்தான் புரட்டுவார்கள். மையம் நடத்தும் வாட்ஸ்அப் குரூப்களில் பயோடேட்டா படமாகப் போயிருக்கும். பக்கத்து ஊர் மையங்களோடு வரன் பரிமாற்றம் வைத்திருப்பவர்கள் உங்கள் விவரத்தை அங்கேயும் கொடுத்திருப்பார்கள். சமுதாய இதழில் வரன் பகுதிக்கு அனுப்பியிருக்கலாம். இது போக, பதிவு செய்யும்போது ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல், சில இடங்களில் சம்பளச் சீட்டு வரை வாங்கி வைத்திருப்பார்கள்.

குரூப்பில் போய்விட்ட படத்தை மையத்தால் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் அதே குரூப்பில் "பதிவு எண் இன்னது, வரன் முடிந்தது, யாரும் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று போடச் சொல்லலாம். அது நடைமுறையில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் குரூப்பில் இருக்கும் தரகர்களும் முடிந்த வரனுக்குப் பின்னால் அலைய விரும்ப மாட்டார்கள். பரிமாற்றம் செய்த மையங்களின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். கோப்பிலிருக்கும் ஜெராக்ஸையும் ஆதார் நகலையும் நேரில் போய்க் கையில் வாங்கிவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது.

நீக்கிவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மையத்துக்கு எண் தெரியாத உறவினர் ஒருவரை விட்டு, அதே நட்சத்திரம், படிப்பு, வயது சொல்லி மையத்தில் வரன் கேட்கச் சொல்லலாம். உங்கள் பயோடேட்டா வந்தால் நீக்கவில்லை என்று அர்த்தம். அதைவிட எளிய அடையாளம் வரும் போன்களிலேயே இருக்கிறது. "விவரம் எங்கே கிடைத்தது, சம்பளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். பையன் வேலை மாறியதும் மூன்றாவது மாதத்தில் சம்பளத்தைத் திருத்திக் கொடுத்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போனில் பேசுபவர் பழைய சம்பளத்தைச் சொன்னால் அது ஆரம்பத்தில் குரூப்பில் போன படம், மையத்தின் இப்போதைய கோப்பு அல்ல. புதிய சம்பளத்தைச் சொன்னால் மையம் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. போன் வந்த தேதியையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் பணம் பற்றிய பேச்சில்கூட அது உதவும்.

சட்டத்தில் இதற்கு என்ன பிடி இருக்கிறது என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த தனிப்பட்ட தகவல் விதிகளில் 5(7) என்ற பிரிவு, கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம் என்கிறது. ஒரே ஆள் நடத்தும் சின்ன நிறுவனமும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரும் என்பதால், பெரிய இணையதளங்களுக்கு மட்டுமான விதி என்று உள்ளூர் மையம் ஒதுங்க முடியாது. அதற்கடுத்து 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதையும் தரவை அழிக்கச் சொல்வதையும் தெளிவான உரிமையாக்கும் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதுவரை 2011 விதிதான் கைக்குள் இருப்பது. கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம்.

இணையதளங்களில் ஒரு வரம்பு உண்டு. பதிவை நீக்கிய பிறகும் பதிவுத் தகவலை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021-ன் இடைநிலை நிறுவன விதிகள் சொல்கின்றன. குற்ற விசாரணை ஏதும் வந்தால் தேவைப்படும் என்பதற்காக. ஆகவே "எல்லாவற்றையும் உடனே அழித்துவிட்டோம்" என்று அவர்களால் சொல்ல முடியாது. வெளியில் யாருக்கும் காட்டக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். அதே விதிகளின்படி குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். அவர் புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி 7 நாளில் முடிக்க வேண்டும்; 2026 பிப்ரவரி திருத்தத்துக்கு முன் இது 15 நாளாக இருந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் மாதக்கணக்கில் பேசுவதைவிட அந்த மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் நேரடியாகப் போவது மேல்.

இன்னொன்று. இணையதளத்தில் நீக்கும்போது காரணம் கேட்கும். "இந்தத் தளம் மூலமே திருமணம் முடிவானது" என்பதைத் தட்டினால் அது பணம் திருப்பிக் கேட்பதற்கு எதிரான சாட்சி ஆகிவிடும். வெற்றிக் கதை என்று போட்டோ கேட்டு வருவார்கள், விருப்பமில்லை என்றால் கொடுக்காதீர்கள். அப்புறம், நீக்கும் பொத்தானை அழுத்தும் முன் கட்டண ரசீதை இறக்கி வைத்து, எத்தனை விலாசங்கள் பார்த்தீர்கள் என்ற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு உள்ளே போக முடியாது. பணம் கேட்கும் எண்ணம் இருந்தால் முதலில் மறைத்து வையுங்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள், 7 நாள் பாருங்கள், பதில் எப்படி இருந்தாலும் அதன் பிறகு நீக்கிவிடுங்கள்.

மீதிப் பணம்: எவ்வளவு கேட்கலாம்?

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு மையத்தில் மகளுக்குப் பதிவு. மொத்தம் ரூ. 9,000. ரசீதில் பதிவுக் கட்டணம் 1,500, சேவைக் கட்டணம் 7,500 என்று பிரித்து எழுதியிருக்கிறது. 12 மாதத்தில் 30 வரன் தருவதாகப் பேச்சு. நாலு மாதம் முடிந்தது, 11 விலாசம் வந்தது, அதற்குள் சித்தப்பா சொன்ன இடம் முடிந்துவிட்டது. மையத்தின் பட்டியலில் அந்த வீடு இல்லை.

"9,000-ஐயும் திருப்பிக் கொடுங்கள்" என்று போய் நின்றால் சண்டையில்தான் முடியும். பதிவுக் கட்டணம் 1,500-ஐ விட்டுவிடுங்கள். விவரம் வாங்கி, ஏற்றி, கோப்பு போட்ட வேலை நடந்துவிட்டது. மிச்சம் 7,500. காலக் கணக்கில் பார்த்தால் 12 மாதத்தில் 8 மாதம் பாக்கி, அதற்கு 5,000 ரூபாய். வரன் எண்ணிக்கையில் பார்த்தால் 30-ல் 19 பாக்கி, அதற்கு 4,750 ரூபாய். இரண்டில் குறைவானதைக் கேளுங்கள். 4,750 என்று கணக்கோடு எழுதிக் கேட்டால், எதிரில் இருப்பவர் மறுக்க வேண்டுமானால் அவரும் கணக்கோடுதான் பேச வேண்டும். பேச்சுவார்த்தையில் 3,000-க்கு இறங்கினாலும் அது நல்ல முடிவு என்றே சொல்வேன். ரசீதில் இப்படிப் பிரித்து எழுதாமல் மொத்தமாக "பதிவுக் கட்டணம் 9,000" என்று இருந்தால் பேச்சு கடினம். எத்தனை வரன் என்று சொல்லாமல் "வரம்பில்லை" என்று இருந்தால் காலக் கணக்கு ஒன்றுதான் மிஞ்சும்.

மையத்தில் முதலில் வரும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "கட்டணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோமே, ஐயா." இதற்கு என்ன சொல்வது? ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். மையம் ஒழுங்காக விலாசம் அனுப்பியிருக்கிறது, நீங்களாக வேறு இடத்தில் முடித்துவிட்டு விலகுகிறீர்கள் என்றால், பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் தெளிவான சட்டம் இல்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவையில் குறை இருந்தால் பிடிக்கும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. நாலாயிரத்துச் சொச்சத்துக்கு அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை.

அதனால் பேசும் தொனிதான் முக்கியம். "உங்கள் மீது குறை சொல்ல வரவில்லை. எட்டு மாதம் நீங்கள் எங்களுக்கு வேலை செய்யப் போவதில்லை, அதற்கான பங்கைத்தான் கேட்கிறோம்" என்று சொன்னால் பல உள்ளூர் மையங்கள் ஒரு தொகைக்கு வரும். அவர்களுக்கு அந்த ஊரில் பெயர் வேண்டும், உங்கள் சொந்தத்தில் அடுத்த கல்யாணப் பதிவும் வேண்டும்.

சேவையிலேயே குறை இருந்தால் கதை வேறு. மாதம் மூன்று வரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாலு மாதத்தில் இரண்டே இரண்டு அனுப்பியிருந்தால், ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களின் விலாசத்தை அனுப்பியிருந்தால், எழுதிக் கொடுத்த பிறகும் உங்கள் விவரத்தைப் பரப்பிக்கொண்டிருந்தால் உங்கள் கை ஓங்குகிறது. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை மற்றவர்களுக்கு வெளியிடுவதை அதே நுகர்வோர் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பட்டியலிட்டிருக்கிறது. 2024-ல் பெங்களூரில், 30,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்னபடி வரன் காட்டாத ஒரு மையத்துக்கு அந்தப் பணத்தோடு இழப்பீடும் செலவும் சேர்த்து 60,000 கொடுக்கும்படி நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. அந்த வழக்கு வரனே காட்டாத வழக்கு, வரன் முடிந்து விலகும் வழக்கு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மையத்தோடு பேசும்போது அதை எடுத்துக் காட்டி மிரட்டினால் எடுபடாது.

சமுதாயச் சங்கங்கள் இலவசமாக நடத்தும் வரன் பதிவுகளும் உண்டு. காசு வாங்காத சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நீக்கச் சொல்வது மட்டும்தான்.

தம்பி, தங்கை பெயருக்கு மாற்றுவது

வீட்டில் அடுத்து ஒருவருக்கு வரன் பார்க்கப் போகிறீர்கள் என்றால், எனக்குப் பிடித்த வழி இதுதான். மையம் கையிலிருந்து பணம் எடுக்க வேண்டியதில்லை, அதனால் எளிதில் ஒத்துக்கொள்ளும். மேலே சொன்ன உதாரணத்தில் 4,750 ரூபாய்க்குப் பேசி 3,000 வாங்குவதற்குப் பதில் எட்டு மாதமும் 19 வரனும் அப்படியே தங்கைக்குக் கிடைக்கும். பதிவுக் கட்டணம் மறுபடியும் கேட்டால் பாதியாக்கச் சொல்லிப் பாருங்கள். ஆனால் தங்கைக்கு இன்னும் படிப்பு முடியவில்லை, இரண்டு வருடம் கழித்துத்தான் பார்க்கப் போகிறோம் என்றால் இதில் இறங்காதீர்கள். அவ்வளவு நாள் கழித்து "அப்போது சொன்னீர்களே" என்று போய் நிற்பது வீண். ஆறு மாதத்துக்குள் தொடங்குவதாக இருந்தால் மட்டும் சரி. மாற்றும்போது மூத்தவரின் விவரத்தை நீக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவரின் பயோடேட்டாவும் ஒரே கோப்பில் சேர்ந்து, அக்காவுக்கே தொடர்ந்து போன் வரும்.

கடிதம்

நேரில் பேசினாலும் கடிதம் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். இரண்டு கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் எழுதலாம், ஆனால் ஒன்று மற்றதைச் சார்ந்தது இல்லை என்று தெரிய வேண்டும். இப்படி:

"ஐயா, தங்கள் மையத்தில் எங்கள் மகளுக்குச் செய்த பதிவு எண் ____, நாள் ____, கட்டணம் ரூ. 9,000 (ரசீது நகல் இணைப்பு). மகளுக்கு வரன் முடிவாகிவிட்டதால் இன்றோடு பதிவை முடித்துக்கொள்கிறோம்.

1. மகளின் விவரங்களையும் போட்டோவையும் ஜாதகத்தையும் இனி யாருக்கும் தர வேண்டாம் என்று இதன்மூலம் எங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம். கோப்பு, கணினி, வாட்ஸ்அப் குழுக்கள், தாங்கள் பகிர்ந்த பிற மையங்கள் ஆகியவற்றிலிருந்து ஏழு நாட்களுக்குள் நீக்கி எழுத்தில் தெரிவிக்கவும். ஆதார் மற்றும் சான்றிதழ் நகல்களைத் திருப்பித் தரவும்.

2. சேவைக் கட்டணம் ரூ. 7,500-ல் பயன்படுத்தாத 19 வரன்களுக்கான பங்கு ரூ. 4,750-ஐத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். முடிவான வரன் தாங்கள் தந்த பட்டியலில் உள்ளது அல்ல.

முதல் கோரிக்கை இரண்டாவதைச் சார்ந்தது அல்ல."

மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று எழுத வேண்டியதில்லை. பட்டியலில் இல்லை என்ற ஒரு வரி போதும். அவர்கள் கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம். கடிதத்தின் இன்னொரு நகலில் மையத்தின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தரத் தயங்கினால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது, அதனால் தபால் நிலையத்தில் அதைத்தான் கேட்க வேண்டும்.

பதில் வராவிட்டால்

பதினைந்து நாள் பார்த்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பேச வைப்பார்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பெரிய இணையதளங்கள் இதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பு அதிகம், தெருமுனை மையங்கள் குறைவு.

அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டியிருந்தால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 30,000, 50,000 என்று தனி ஆள் வைத்து வரன் தேடித் தருவதாக வாங்கியவர்கள் மீது, அதுவும் சேவையில் குறை இருந்தால், இந்த வழி பலனுள்ளது. சாதாரண 9,000 ரூபாய்ப் பதிவில் வெறும் மீதிப் பணத்துக்காக இங்கே போக வேண்டாம் என்பதுதான் என் யோசனை. விவரத்தை நீக்க மறுத்துத் தொடர்ந்து பரப்பினால் போங்கள். பெண்ணின் போட்டோ சம்பந்தப்பட்டது, அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மையம் பணத்துக்கு ஒத்துக்கொண்டு வவுச்சரில் கையெழுத்துக் கேட்கும்போது அந்த வரிகளைப் படித்துவிட்டுப் போடுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்திருந்தால், விவரம் நீக்கப்பட்டதாக அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து. அல்லது அந்த வரிக்குக் கீழே "பணத்தைப் பொறுத்து மட்டும்" என்று எழுதி, தொகையையும் தேதியையும் போட்டுக் கையெழுத்திடுங்கள்.